பதினாறு நாள் குறைவு

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, லமினேற் பண்ணுவது எல்லாம் உண்டு. ஆனால் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை, வேலை தேடுகிறவர்களுக்கு விண்ணப்பக் கடிதமும் சுயவிபரக்கோவையும் தட்டச்சு செய்து கொடுப்பது. ஊரில் பாதிப் பேர் எங்கே எந்த வருடம் என்ன வேலை பார்த்தார்கள் என்று அவர்களின் வீட்டாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றும். கடற்கரைப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் நான் சரிபார்க்கிற வேலையை வைத்துக்கொள்வேன். கடிதம் இடது பக்கம், சுயவிபரக்கோவை வலது பக்கம், இணைக்கிற சான்றிதழ்களின் பிரதி நடுவில். கடிதத்தின் ஒவ்வொரு வரிக்குக் கீழும் அடிமட்டம் என்கிற அளவுகோலை வைப்பேன். அந்த வரியில் ஒரு திகதி இருந்தால் அதே திகதியை வலது பக்கத்தில் தேடிப் பிடித்து இரண்டுக்கும் பென்சிலால் சின்னச் சரி போடுவேன். பதவிப் பெயருக்கும் அப்படித்தான். ‘எனக்கு இது தெரியும், அது செய்திருக்கிறேன்’ என்று கடிதத்தில் எது இருந்தாலும் அதற்கு மற்றத் தாளில் ஓர் இடம் இருக்க வேண்டும். சரி விழாத சொல் ஒன்று மிஞ்சினாலும் நான் தாளைக் கையை விட்டுப் போக விடமாட்டேன்.

சொல்லப்போனால் இது வேலை நேரம் மாதிரியே இருக்காது. இரண்டு திகதிகளுக்கு நடுவில் சின்னக் கோடு ஒன்று போடுவோமே, அந்தக் கோட்டில் கண் நின்றுவிட்டால் நான் எங்கேயோ போய்விடுவேன். இந்த வருடத்திலிருந்து அந்த வருடம் வரை என்ற கோட்டுக்குள் எத்தனை மழைக்காலம், எத்தனை கொடியேற்றம், எத்தனை காலை பஸ். ஒரு கோடு போடுவதற்கு விசைப்பலகையில் ஒரு தட்டுத்தான். மனிதர் அதை நடந்து முடிக்கிறதற்குள் தலை நரைத்துவிடுகிறது.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. இருபத்து நாலு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். கடிதத்தில் ‘கணக்காளர்’ என்று எழுதியிருந்தேன். கோவையில் ‘கணக்கு உதவியாளர்’ என்று இருந்தது. பொய் சொல்ல நினைக்கவில்லை, கடிதத்தை எழுதும்போது கை கொஞ்சம் நிமிர்ந்து நடந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு தாளையும் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஏசியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த இரண்டு வட்டமும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

எங்கள் கடைக்கு வேறு ஒரு வழக்கம் உண்டு, அது எனக்குப் பெரிய தலையிடி. கடைக்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கணினியில் ஒரே ஒரு விண்ணப்பக் கடிதத்தைத்தான் வைத்திருக்கிறார். யார் வந்தாலும் அதைத் திறந்து பெயரை மாற்றி, நிறுவனத்தை மாற்றி, ‘பணிவுடன்’ என்பதை அப்படியே விட்டு அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கடிதத்தின் முதல் சொந்தக்காரர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், சிங்களம் சரளமாகப் பேசுகிறவர் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் சைக்கிளே ஓடத் தெரியாத எத்தனையோ பேரின் கடிதங்களில் இருந்து நான் அந்த மனிதரை வெட்டி எடுத்திருக்கிறேன்.

அந்த அக்கா வந்தது ஒரு ஐப்பசி மத்தியானம். மழை வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் நின்ற நாள். வல்வெட்டித்துறையில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு நான்தான் சுயவிபரக்கோவை அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கசங்காமல் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருந்தார். எனக்கு அதுவே அவரைப் பிடித்துப்போகக் காரணம்.

“அச்சுவேலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலை ஆள் எடுக்கினம் தங்கச்சி. பராமரிப்புப் பொறுப்பாளர். நாளைக்குத்தான் கடைசி நாள்” என்று பத்திரிகைத் துண்டைக் காட்டினார். அதில், நோயாளர் பராமரிப்பில் ஏழு வருடங்களுக்குக் குறையாத அனுபவம் வேண்டும் என்று இருந்தது.

அவர் முன்பு ஒரு தனியார் வைத்தியசாலையின் நோயாளர் விடுதியில் வேலை பார்த்தவர். அந்த விடுதியை மூடிய பிறகு நெல்லியடியில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறார். “சீலையை விரிச்சு விரிச்சு மடிக்கிறன். பின்னேரம் வீட்டை போனால் இண்டைக்கு என்ன செய்தனான் எண்டு எனக்கே விளங்கேல்லை. படுக்கையிலை இருக்கிறவையைப் பாக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதுக்குத் திரும்பிப் போகவேணும்” என்றார். இரந்து கேட்கிற குரல் இல்லை, முடிவெடுத்த குரல். அந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. சரிபார்க்கிறவளுக்கு வரக்கூடாத ஆசை அது.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல அண்ணை அடித்தார். வழக்கமான கடிதத்தைத் திறந்துதான். நான் அடிமட்டத்தை எடுத்தேன்.

முதலில் மோட்டார் சைக்கிள்காரரை வெட்டினேன். அடுத்த வரியில் ‘தாதியாகக் கடமையாற்றினேன்’ என்று இருந்தது. வலது பக்கத்துக் கோவையில் ‘தாதிய உதவியாளர்’.

“அக்கா, நீங்கள் தாதியோ, உதவியாளரோ?”

“எல்லாரும் என்னை நேர்ஸ் எண்டுதான் கூப்பிடுறவை. டொக்டரும் அப்பிடித்தான்.”

“கூப்பிட்டது சரி. சேவைச் சான்றிதழிலை என்ன கிடக்கு?”

அவர் சிரித்தார். “உதவியாளர். மாத்தும். படிச்சுப் பாஸ் பண்ணின நேர்ஸ்மாருக்கு அது சரியில்லை.” அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மனதுக்குள் இன்னொரு சரி போட்டேன்.

அடுத்த வரியில்தான் அடிமட்டம் நின்றது. கடிதத்தில், கடமையேற்ற நாள் 05.12.2012. கோவையில் 17.01.2013. நடுவில் இருந்த சான்றிதழிலும் ஜனவரி பதினேழு. முடிந்த நாளில் பிரச்சினை இல்லை, மூன்று தாளிலும் 31.12.2019.

நான் விரல் விட்டு எண்ணினேன். டிசம்பரில் தொடங்கினால் ஏழு வருடமும் மேலே கொஞ்ச நாளும். ஜனவரி பதினேழில் தொடங்கினால் ஆறு வருடமும் பதினொரு மாதமும் சொச்சமும். ஏழு நிறைய இன்னும் பதினாறு நாள் வேண்டும். எனக்குச் சலிப்பாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணினேன். பதினாறுதான்.

“டிசம்பர் அஞ்சு எங்கையிருந்து வந்தது அக்கா?”

“அண்டைக்குத்தான் நான் வேலைக்குச் சேந்தனான்.”

“பிறகேன் இதிலை ஜனவரி?”

அவர் சொல்லத் தொடங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த மாத நடுவில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் புது வேலை தொடங்கக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். ஆகவே கார்த்திகை முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்தில் வைத்தியசாலைக்குப் போய், எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்து, ஒரு கையெழுத்தும் வைத்து, ஒரு நோயாளியின் போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டு அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். தொடங்கியாயிற்று. பிறகு பொங்கல் முடிய ஜனவரி பதினேழு, நாள் பார்க்காமல், உண்மையான வேலைக்குப் போனார். டொக்டரும் சம்மதித்ததுதான்.

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் வேலை தொடங்கியிருக்கிறார்கள். நானே இந்தக் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஒரேயொரு தாளைப் போட்டோக்கொப்பி எடுத்துவிட்டுப் போய், அடுத்த கிழமைதான் வேலைக்கு வந்தேன். அவருக்கு டிசம்பர் ஐந்து பொய் இல்லை. நெஞ்சில் இருந்தது அந்த நாள்தான். கற்கண்டு கொடுத்த நாள்.

அண்ணை தன் கணினிக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினார். “கடிதத்தைப் போட்டு ஏன் இழுபடுறீர் பிள்ளை. கோவையிலை டிசம்பர் எண்டு மாத்திவிடும். ரண்டும் ஒண்டாகிடும் தானே.”

“சேவைச் சான்றிதழ்?”

“அதை இப்ப இணைக்க வேண்டாம். கேட்டால் காட்டலாம். பதினாறு நாளுக்கு ஆர் கணக்குப் பாக்கப் போகினம்?”

எனக்குக் கோபம் வந்தது. அண்ணையில் இல்லை, என்னில். ஏனென்றால் அவர் சொல்லும்போதே, என் மேசைக் கணினியில் திறந்திருந்த கோவையில் என் விரல் சுட்டியை ஜனவரி பதினேழுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. எட்டு இலக்கம். அழித்து அடிக்கப் பத்து விநாடி. இரண்டு தாளும் அச்சொட்டாகப் பொருந்தும். நான் சரியும் போடலாம். பொருந்துகிற இரண்டு தாளும் சேர்ந்து பொய் சொல்லலாம் என்பதை இவ்வளவு காலமும் யோசித்ததே இல்லை.

அக்கா மேசையில் இருந்த பென்சிலை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “நான் கையெழுத்து வைச்சனான் தங்கச்சி. பதிவேட்டிலை. அது இருந்தால் டிசம்பர் உண்மைதானே?” என்றார்.

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. வைத்தியசாலையின் விடுதியைத்தான் மூடினார்கள், வெளிநோயாளர் பிரிவு இன்னும் நடக்கிறது. பதிவேடு பார்க்கும் பழைய கிளாக்கரும் அங்கேதான் இருக்கிறார். அக்கா தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். கிளாக்கர் விசயத்தைக் கேட்டுவிட்டு, “பழைய பதிவேடு அலுமாரியிலை கிடக்கு பிள்ளை. அரை மணித்தியாலம் தா, எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றார்.

அந்த அரை மணித்தியாலத்தை என்னால் மறக்க முடியாது. அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நானும் அக்காவும் கடை வாசலில் கதிரை போட்டு இருந்தோம். ஒழுங்கை முடிவில் கடல் துண்டாகத் தெரிந்தது, மழை மூட்டத்தில் ஈயநிறமாக, ஆடாமல் அசையாமல். எனக்கு நித்திரை வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அந்த மார்கழி முழுவதும் இவர் வீட்டில் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். விடியக் காலமை கோயில் மணி கேட்டிருக்கும். வாசலில் கோலம் போட்டிருப்பார். சோளகக் காற்று அடங்கி வாடைக் காற்று வீசியிருக்கும். வேலை கிடைத்துவிட்டது, இனி ஒன்றுக்கும் பயமில்லை என்று அந்த ஒரு மாதம் அவருக்கு எவ்வளவு இனிப்பாகப் போயிருக்கும். பல வருடங்கள் கழித்து அந்த நாட்களில் ஒரு பதினாறு வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

“அந்த மாதம் நான் நல்லாச் சந்தோசமா இருந்தனான்” என்றார் அக்கா, நான் கேட்காமலே. என் நினைப்பு அவருக்குக் கேட்டுவிட்டதோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன்.

தொலைபேசி அடித்தது.

“பிள்ளை, உன்ரை பேர் பதிவேட்டிலை ஜனவரி பதினேழிலைதான் தொடங்குது” என்றார் கிளாக்கர். “டிசம்பரிலை கையெழுத்து இருக்கு. ஆனால் அது வருகையாளர் புத்தகம். நோயாளியைப் பாக்க வாறவை வைக்கிற புத்தகம். வாசலிலை அதுதான் கிடந்தது, நான்தான் பேனை தந்தனான். வந்த காரணம் எண்ட இடத்திலை ‘வேலை’ எண்டு எழுதியிருக்கிறாய்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சிரிப்புத்தான். பிறகு சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு நேரமும் அந்தப் பதினாறு நாளும் எங்கேயோ ஓர் அலுமாரியில் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அண்ணை வந்துவிட்டார். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. “நான் சொன்னன் தானே. மாத்திவிடும் பிள்ளை.”

நான் வாயைத் திறக்க முதல் அக்கா சொன்னார், “வேண்டாம் அண்ணை. படுக்கையிலை கிடக்கிறவைக்கு மருந்து குடுத்த நேரத்தை எழுதி வைக்கிற வேலை அது. எட்டு மணிக்குக் குடுத்ததை ஏழு எண்டு எழுதினால் என்ன நடக்கும்? உள்ளதைப் போடும் தங்கச்சி.”

உள்ளதைப் போட்டேன். ‘17.01.2013 முதல் 31.12.2019 வரை, ஆறு வருடங்களும் பதினொரு மாதங்களும் பதினைந்து நாட்களும், தாதிய உதவியாளராகக் கடமையாற்றினேன். தாங்கள் கோரிய ஏழு வருடங்களுக்குப் பதினாறு நாட்கள் குறைவு என்பதை அறிவேன்.’ அந்தக் கடைசி வரி தேவையா என்று கேட்டேன். தேவை என்றார். அச்செடுத்து, அடிமட்டத்தை மறுபடியும் மேலிருந்து கீழ் வரை இறக்கினேன். ஒரு சொல் மிஞ்சாமல் எல்லாவற்றுக்கும் சரி விழுந்தது. இவ்வளவு ஒழுங்கான கடிதத்தை நான் அடித்ததில்லை, இவ்வளவு மனம் கனத்துப் போய் ஒரு கடிதத்தைக் கொடுத்ததும் இல்லை. அடுத்த நாள் காலையில் அவரே பஸ்ஸில் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்.

கார்த்திகையில் நேர்முகம். மழை பிடித்துக்கொண்டது. நேர்முகம் முடிந்த கையோடு நனைந்தபடி கடைக்கு வந்தார். ஐந்து பேர் வந்திருந்தார்களாம். இல்லத்தை நடத்துகிற அம்மா தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பதினாறு நாளும் எங்கை போனது?” என்று கேட்டிருக்கிறார். இவர் மார்கழிக் கதையை, கற்கண்டு, வருகையாளர் புத்தகம் உட்பட, அப்படியே சொல்லியிருக்கிறார்.

“சிரிச்சவவோ?”

“இல்லை. ‘நாங்கள் ஏழு வருசம் எண்டெல்லே போட்டனாங்கள்’ எண்டா. அவ்வளவுதான்.”

அன்று இரவு பென்சில் பிடித்த என் கையில்தான் பிழை என்று பட்டது. யாரும் எண்ணாத நாட்களை எண்ணிக் கொடுத்தது நான்தானே.

நியமனக் கடிதம் டிசம்பர் நடுவில் வந்தது. அக்கா உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான்தான் பிரித்தேன். பதவி: பதில் பராமரிப்புப் பொறுப்பாளர். பதில் என்றால் தற்காலிகம்; ஆறு மாதங்களின் பின் நிரந்தரமாக்குவது பற்றித் தீர்மானிக்கப்படும். கடமையேற்கும் திகதி: டிசம்பர் இருபத்திரண்டு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மார்கழி பிறந்து ஒரு கிழமை.

“உங்கடை அம்மா விடமாட்டாவே” என்றேன்.

“விடமாட்டா. பொங்கலுக்குப் பிறகு வாறன் எண்டு ஒரு கடிதம் எழுது எண்டுதான் சொல்லுவா.”

உண்மையைச் சொன்னால் என் மனதிலும் அதுதான் ஓடியது. மூன்று கிழமைதானே, கேட்டால் தருவார்கள், ஏன் வீணாக மார்கழியில் என்று. மற்றவர்களின் திகதிகளில் நான் காட்டுகிற கண்டிப்பு மார்கழிக்கு முன்னால் இவ்வளவுதான்.

“ஏற்றுக்கொள்ளுறன் எண்டு ஒரு கடிதம் அடியும் தங்கச்சி” என்றார் அவர். “அவை போட்ட திகதியிலையே வாறன் எண்டு. பதவியைப் பாத்து அடியும். உந்தப் ‘பதில்’ எண்டதை விட்டிடாதையும்.”

அடித்தேன். நியமனக் கடிதத்தை இடது பக்கமும் ஏற்புக் கடிதத்தை வலது பக்கமும் வைத்து, பதவிக்கு ஒரு சரி, திகதிக்கு ஒரு சரி போட்டேன்.

இருபத்திரண்டாம் திகதி காலையில் நல்ல மழை. கடையைத் திறந்து குடையை விரித்து வைத்துவிட்டு இருந்தபோது தொலைபேசியில் ஒரு படம் வந்தது. ஒரு புத்தகத்தின் பக்கம். அவரின் பெயர், பதில் பராமரிப்புப் பொறுப்பாளர், 22, காலை ஏழு ஐம்பது, கையெழுத்து. நான் பெரிதாக்கி மேலே தலைப்பைப் பார்த்தேன். ஊழியர் வருகைப் பதிவேடு என்றுதான் இருந்தது.